வேலை கிடைக்காதவங்களுக்கு என்ன எழுதி அனுப்புறது?

"அக்கா, நாங்க பிறையில சின்னதா ஒரு டியூஷன் சென்டர் நடத்துறோம். தமிழ் டீச்சர் ஒருத்தர் வேணும்னு போட்டதுக்கு 41 பேர் அப்ளை பண்ணாங்க, 5 பேர இன்டர்வியூ பண்ணி ஒருத்தர எடுத்துட்டோம். மத்தவங்களுக்கு மரியாதையா, சுருக்கமா ஒரு மெயில் போடணும். அதுல ரெண்டு பேரு ரொம்ப நல்லா செஞ்சாங்க, அடுத்த வருஷம் கூப்பிட வேண்டி வரலாம், அவங்க மனசு முறிஞ்சு போயிடக்கூடாது. எப்படி எழுதுறது?"

தம்பி, ஒரே மெயில எழுதி 40 பேருக்கும் அனுப்பிடலாம்னு நினைச்சிருந்தா அத முதல்ல விட்டுடுங்க. உங்ககிட்ட மூணு வகையான ஆளுங்க இருக்காங்க. இன்டர்வியூவுக்கே கூப்பிடாத 36 பேரு, கூப்பிட்டும் சரிவராத ரெண்டு பேரு, அப்புறம் நீங்க சொல்ற அந்த நல்ல ரெண்டு பேரு. மூணு பேருக்கும் "வேற ஆள எடுத்துட்டோம்"ங்கிற சேதி ஒண்ணுதான், ஆனா "பின்னாடி கூப்பிடுவோம்"ங்கிற வரி மூணுலயும் வேற வேற. கஷ்டமே அந்த ஒரு வரிலதான் இருக்கு. எல்லாருக்கும் "உங்கள் விவரங்களைக் கோப்பில் வைத்திருப்போம், எதிர்காலத்தில் தொடர்புகொள்வோம்"னு போட்டீங்கன்னா, அது சும்மா எழுதுற வரின்னு படிக்கிறவங்களுக்கு உடனே தெரிஞ்சிடும், ஏன்னா அவங்க அதே வரிய இதுக்கு முன்னாடி நாலு கம்பெனிலருந்து வாங்கியிருப்பாங்க. உண்மையிலேயே கூப்பிடப் போற அந்த ரெண்டு பேரும் அதையேதான் படிப்பாங்க, அவங்களும் நம்ப மாட்டாங்க.

நான் பாயான் லெப்பாஸ் பக்கம் ஹெச்ஆர்ல இருக்கேன், ஆள் எடுக்கிற வேலையும் எடுக்கலன்னு சொல்ற வேலையும் என்கிட்டதான் வரும். உங்க நிலைமைக்குப் பொருந்துறத மட்டும் சொல்றேன்.

முதல்ல அந்த 36 பேரு. இவங்களுக்கு இன்டர்வியூ லிஸ்ட் முடிவான அன்னிக்கே அனுப்பியிருக்கலாம், வேலைக்கு ஆள் சேர்ற வரைக்கும் காத்திருக்க அவசியமே இல்ல. இப்ப லேட்டாயிடுச்சுன்னாலும் பரவாயில்ல, நாளைக்கே அனுப்பிடுங்க. நாலு வரி போதும், காரணம் எதுவும் வேணாம். 36 பேருக்கும் தனித்தனியா காரணம் யோசிக்க உங்களால முடியாது, பொதுவா "தகுதியான பலர் விண்ணப்பித்ததால்"னு எழுதினா, அப்ப நான் தகுதியில்லாதவளான்னுதான் தோணும். இப்படி எழுதலாம்:

தலைப்பு: தமிழ் ஆசிரியர் பணி: உங்கள் விண்ணப்பம்

வணக்கம் (பெயர்),
எங்கள் மையத்தின் தமிழ் ஆசிரியர் பணிக்கு விண்ணப்பித்ததற்கு நன்றி. இந்தப் பணிக்கு ஐந்து பேரை நேர்காணலுக்கு அழைத்தோம்; உங்களை இம்முறை அழைக்க இயலவில்லை. நீங்கள் அனுப்பிய ஆவணங்களை இம்மாத இறுதியில் அழித்துவிடுவோம். இனி நாங்கள் அறிவிக்கும் வேறு பணி உங்களுக்குப் பொருந்தினால் தாராளமாக விண்ணப்பியுங்கள்.
(உங்க பெயர், சென்டர் பெயர், போன் நம்பர்)

இதுல "நாங்க கூப்பிடுவோம்"னு எங்கயும் இல்ல பாருங்க, "நீங்க விண்ணப்பிக்கலாம்"னுதான் இருக்கு. அது நெஜம், நீங்க எந்த வேலையும் செய்யாமலே அது நெஜமா இருக்கும். இவங்களுக்கு அவ்வளவு சொன்னா போதும்.

ஆவணங்கள அழிக்கிறதப் பத்தி ஏன் எழுதச் சொல்றேன்னா, நம்ம ஊர்ல வேலைக்கு எழுதிப் போடுறவங்க ஐசி காப்பி, எஸ்பிஎம் சர்டிபிகேட், சில பேரு பழைய சம்பள சிலிப் வரைக்கும் சேர்த்தே அனுப்பிடுவாங்க, நீங்க கேட்டிருக்கவே மாட்டீங்க. 2010-ல வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதுக்காக வாங்கினோமோ அந்த வேலை முடிஞ்ச பிறகு அந்தத் தகவல தேவையில்லாம வச்சிருக்கக்கூடாதுன்னு சொல்லுது. ஐசி காப்பி உங்க மெயில்லயும் போன்லயும் வருஷக்கணக்கா கெடந்து, ஒரு நாள் போன் தொலைஞ்சா அது உங்க தலைவலி. அழிப்போம்னு எழுதினா அழிச்சிடணும், வாட்ஸாப்ல வந்ததையும் சேர்த்து.

அடுத்தது அந்த சரிவராத ரெண்டு பேரு. நேர்ல வந்து உக்காந்து பேசினவங்க, அதனால மொத மெயில்ல இருக்கிற நன்றி வரி போதாது, நேரம் ஒதுக்கி வந்ததுக்கு நன்றி சொல்லணும். "நேர்காணலுக்கு நேரம் ஒதுக்கி வந்ததற்கு நன்றி. இந்தப் பணிக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். உங்கள் ஆவணங்களை இம்மாத இறுதியில் அழித்துவிடுவோம். உங்கள் முயற்சிகள் நன்கு அமைய வாழ்த்துகள்." இவ்வளவுதான். கூப்பிடுற எண்ணம் உங்களுக்கு இல்லன்னா கூப்பிடுவோம்னு எழுதாதீங்க, பாவம் பார்த்துகூட எழுதாதீங்க. பிறை, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் எல்லாம் சேர்த்தாலும் தமிழ் டீச்சர்மார் வட்டம் சின்னது, ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியும், ஆறு மாசம் கழிச்சு நீங்க வேற ஆள எடுத்தது அவங்க காதுக்குப் போயிடும், அப்ப அந்த அன்பான வரி பொய்யா ஆயிடும்.

இப்ப முக்கியமானது, அந்த நல்ல ரெண்டு பேரு. இவங்க மெயில ஒவ்வொருத்தருக்கும் தனியா உக்காந்து எழுதணும். உங்க சென்டர் விவரம் எனக்குத் தெரியாது, அதனால ஒரு ஆள கற்பனை பண்ணிக்கிறேன்: நிபோங் திபாலிலிருந்து வந்தவங்க, மாதிரி வகுப்பு அருமையா எடுத்தாங்க, ஆனா பாரம் 5 இலக்கியம் நடத்தின அனுபவம் இல்ல. நீங்க எடுத்தவருக்கு அது இருந்துச்சு, விளம்பரத்துலயும் அதக் கேட்டிருந்தீங்க. நிறைய பேர் முதல்ல எழுதிப் பார்க்கிற மெயில் இந்த மாதிரிதான் வரும்:

"மதிப்பிற்குரிய அம்மையீர், தங்களின் விண்ணப்பத்திற்கு எங்கள் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம். தங்களின் திறமையும் அனுபவமும் எங்களை மிகவும் கவர்ந்தன. எனினும், பல கோணங்களில் பரிசீலித்த பின்னர், தாங்கள் இப்பணிக்குத் தேர்வு செய்யப்படவில்லை என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். எதிர்காலத்தில் தகுந்த வாய்ப்பு ஏற்படின் தங்களைத் தொடர்புகொள்வோம்."

மரியாதை நெறையவே இருக்கு, ஆனா ஆளையே காணோம். இத வாங்கினவங்க நிபோங் திபாலிலிருந்து வந்தாங்களா கோலாலம்பூர்லருந்து வந்தாங்களான்னு எழுதினவருக்கே தெரியாது போல இருக்கு. "மிகுந்த வருத்தத்துடன்"னு பார்த்தா சாவு அறிவிப்பு மாதிரி இருக்கு, "தேர்வு செய்யப்படவில்லை"ன்னு படிச்சா பரீட்சையில பெயிலானது மாதிரி இருக்கு. சேதி மூணாவது வாக்கியத்துல வருது, அதுக்கு முன்னாடி "கவர்ந்தன"ன்னு படிச்சு ஒரு நொடி மனசு துள்ளியிருக்கும், அதுக்கப்புறம் விழுந்தா வலி கூடத்தான் இருக்கும். கடைசி வரியில எப்ப, எதுக்கு, யாரு தொடர்புகொள்வாங்கன்னு ஒண்ணுமில்ல.

நான் எழுதினா இப்படி எழுதுவேன்:

தலைப்பு: தமிழ் ஆசிரியர் பணி: நேர்காணல் முடிவு

வணக்கம் (பெயர்),
நிபோங் திபாலிலிருந்து வந்து நேர்காணலிலும் மாதிரி வகுப்பிலும் கலந்துகொண்டதற்கு நன்றி. இந்தப் பணிக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். பாரம் 5 இலக்கிய வகுப்பை ஏற்கனவே நடத்தியவர் எங்களுக்கு உடனே தேவைப்பட்டார்.

கட்டுரையின் முன்னுரையை மாணவர்களையே சொல்ல வைத்து நீங்கள் எழுதிக் காட்டிய விதம் எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. அடுத்த கல்வியாண்டில் பாரம் 1 முதல் 3 வரை வகுப்பு தொடங்க எண்ணியிருக்கிறோம், இன்னும் உறுதியாகவில்லை. உறுதியானால் விளம்பரம் செய்வதற்கு முன் உங்களிடம் கேட்போம்.

அதற்காக உங்கள் விண்ணப்பத்தை அடுத்த டிசம்பர் வரை வைத்திருக்கலாமா? சம்மதம் என்றால் இந்த மெயிலுக்கு 'சரி' என்று பதில் போட்டால் போதும். பதில் வராவிட்டால் இம்மாத இறுதியில் அழித்துவிடுவோம்.
(உங்க பெயர், பொறுப்பு, போன் நம்பர்)

மெயிலோட நீளம் கூடிடுச்சுதான், ஆனா வேலை செய்ற விதமே வேற. சேதி ரெண்டாவது வாக்கியத்துலயே வந்துடுது. இது முக்கியம், ஏன்னா இப்ப எல்லாரும் போன்லதான் மெயில் பார்க்கிறாங்க, நோட்டிபிகேஷன்ல மொத ஒண்ணு ரெண்டு வரிதான் தெரியும், பஸ்ல நின்னுட்டே பார்க்கிறவங்க திறந்து தேடிக் கண்டுபிடிக்கிற மாதிரி வைக்கக்கூடாது. நன்றிய ஒரே வாக்கியத்துல முடிச்சுட்டு விஷயத்துக்கு வந்துடணும்.

பாராட்டு சேதிக்கு அப்புறம் வருது, அதுவும் நீங்க கண்ணால பார்த்த ஒரே ஒரு விஷயம். "திறமையானவர்"னு எழுதினா யாருக்கும் பொருந்தும். முன்னுரையை மாணவர்களையே சொல்ல வச்சாங்கங்கிறது அவங்களுக்கு மட்டும்தான் பொருந்தும், அதப் படிச்ச உடனே இவங்க நம்மள கவனிச்சிருக்காங்கன்னு தெரியும். இதுக்கு இன்டர்வியூ அன்னிக்கே ஆளுக்கு ரெண்டு வரி குறிப்பு எழுதி வச்சிருக்கணும். வைக்கலன்னா இப்பவே, மத்த டீச்சர்கிட்டயும் கேட்டு, மறக்கிறதுக்குள்ள எழுதிக்குங்க. எதுவுமே ஞாபகம் வரலன்னா பாராட்ட விட்டுடுங்க, பொதுவா புகழ்றதுக்கு ஒண்ணுமே சொல்லாம இருக்கிறது மேல்.

காரணத்தப் பத்தி நிறைய பேர் சொல்லவே கூடாதும்பாங்க. எனக்கு அதுல முழுசா உடன்பாடு இல்ல. திரும்பக் கூப்பிடப் போற ஆளுக்கு காரணம் சொல்லித்தான் ஆகணும், இல்லன்னா நம்மகிட்ட என்ன குறைன்னு அவங்களே ஏதாவது கற்பனை பண்ணிக்குவாங்க, அடுத்த தடவ கூப்பிட்டா வர யோசிப்பாங்க. ஆனா அந்தக் காரணம் விளம்பரத்துல நீங்க கேட்ட ஒண்ணா இருக்கணும், அவங்க முயற்சி பண்ணா பின்னாடி சேர்த்துக்கக்கூடிய ஒண்ணா இருக்கணும், முக்கியமா அதுதான் உண்மையான காரணமா இருக்கணும். இலக்கிய வகுப்பு அனுபவம் மூணுக்கும் சரியா வருது. விளம்பரத்துல இல்லாத ஒண்ண காரணமா சொன்னீங்கன்னா, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே"ன்னு பதில் வரும், அதுக்கு உங்ககிட்ட பதில் இருக்காது. வயசு, கல்யாணம், குழந்தை, இனம், "உங்க தகுதிக்கு இந்த வேலை சின்னது" இந்த மாதிரி எதுவும் எழுத்துல வரவே கூடாது, முடிவு எடுக்கிறப்பவும் வரக்கூடாது. உண்மையான காரணம் இவங்க கேட்ட சம்பளம் கட்டுப்படியாகலங்கிறதா இருந்தா அதையே நாகரிகமா சொல்லிடுங்க: "நாங்கள் இந்தப் பணிக்கு ஒதுக்கியிருந்த சம்பளம் நீங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு." அடுத்த வருஷம் பேசும்போது ரெண்டு பேருக்கும் எங்க ஆரம்பிக்கணும்னு தெரிஞ்சிருக்கும்.

"இன்னும் உறுதியாகவில்லை"ங்கிற அந்தச் சின்ன வரிய எடுத்துடாதீங்க. அது இல்லன்னா இந்த மெயில் அடுத்த வருஷ வேலைக்கு வாக்கு கொடுத்த மாதிரி ஆயிடும். நல்ல டீச்சர் ஒருத்தர் உங்கள நம்பி வேற சென்டர்ல வந்த வேலைய விட்டுட்டா அது பெரிய பாவம். எழுதினது அளவு மீறிப் போச்சான்னு வர்ற பதில்லயே தெரியும். "சரி, வைத்துக்கொள்ளுங்கள்"னு வந்தா நல்லா எழுதியிருக்கீங்க. "அப்ப ஜனவரியில சேர்ந்துக்கலாமா, எத்தன வகுப்பு கிடைக்கும்?"னு வந்தா நம்பிக்கைய அதிகமா ஏத்திவிட்டுட்டீங்கன்னு அர்த்தம், அன்னிக்கே "வகுப்பு இன்னும் முடிவாகல, நல்ல வேலை வந்தா எங்களுக்காகக் காத்திருக்காதீங்க"ன்னு தெளிவா பதில் போட்டுடுங்க.

கேள்வி கேட்டு முடிக்கிறதும் வேணும்னுதான். சம்மதம் வாங்கினா சட்டப்படியும் நிம்மதி, அதவிட, பதில் போட்டவங்களுக்கு உண்மையிலயே ஆர்வம் இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும். அதனாலதான் இந்த மெயில யாரும் திறந்து பார்க்காத ஒரு பொது ஐடியிலருந்து அனுப்பாதீங்க, பதில் வந்தா நீங்களே பார்க்கிற ஐடியிலருந்து அனுப்புங்க.

அனுப்புறதுல நடக்கிற தப்புகளும் இருக்கு. 36 பேரையும் ஒரே மெயில்ல 'டு' இல்ல 'சிசி'ல போட்டு அனுப்பிட்டா, யார் யாருக்கெல்லாம் வேலை கிடைக்கலங்கிற லிஸ்ட்ட நீங்களே ஊருக்கு வெளியிட்ட மாதிரி. இப்ப ஸ்கூல்ல வேலை செஞ்சுட்டே உங்களுக்கு எழுதிப்போட்டவங்க அதுல இருந்தா, அவங்க கூட வேலை செய்றவங்க கண்ணுலயே படும். 'பிசிசி'ல போட்டா யாருக்கும் தெரியாது, ஆனா பேர் சொல்லிக் கூப்பிட முடியாது. ஒரே மெயில அவங்கவங்க பேரு போட்டு தனித்தனியா அனுப்புற மெயில் மெர்ஜ் வச்சு அனுப்பலாம், ஆனா ஜிமெயில்ல இருக்கிற `@firstname` மாதிரி வசதிய அப்படியே நம்பாதீங்க, நம்ம பேருங்க அதுக்குப் பிடிபடாது. `S. Kavitha`ன்னு லிஸ்ட்ல இருந்தா "வணக்கம் S."னு போயிடலாம், `Siva Kumar a/l Raman`னு இருந்தா சிவகுமார் வெறும் சிவா ஆயிடுவாரு. ஷீட்ல "கூப்பிடும் பெயர்"னு தனியா ஒரு நெடுவரிசை போட்டு 36 பேரையும் கையால டைப் பண்ணுங்க, அரை மணி நேர வேலைதான். `a/l`, `a/p`, அப்பா பேரு எதுவும் வணக்கத்துக்குப் பின்னாடி வேணாம். திருமதியா செல்வியான்னு யூகிக்கவும் வேணாம், பேரு மட்டும் போதும்.

வாட்ஸாப்லதான் இன்டர்வியூ நேரமெல்லாம் பேசினீங்கன்னா அவங்க மெயில் பக்கமே போகாம இருக்கலாம். அப்ப மெயில அனுப்பிட்டு "நேர்காணல் முடிவு பத்தி மெயில் அனுப்பியிருக்கோம், பார்த்துக்குங்க"ன்னு ஒரு வரி வாட்ஸாப்ல போடுங்க. சேதிய அங்க சொல்லாதீங்க. போன் பண்ணி சொல்றதுதான் மரியாதைன்னு சில பேர் நினைக்கிறாங்க, எனக்கு அது சரியா படல. நீங்க கூப்பிடுற நேரம் அவங்க வகுப்புல இருக்கலாம், வீட்ல ஆளுங்க சுத்தி உக்காந்திருக்கலாம், ஏமாற்றத்த மறைச்சுக்கிட்டு உங்களுக்கு நன்றி வேற சொல்லணும். மெயில்னா தனியா படிச்சு, மனசு ஆறின பிறகு பதில் போடலாம்.

எப்ப அனுப்புறதுன்னா, நேர்ல வந்த நாலு பேருக்கும் நீங்க எடுத்தவர் ஆபர் லெட்டர்ல கையெழுத்துப் போட்ட பிறகு அனுப்புங்க, வாயால சரின்னு சொன்னத நம்பி அனுப்பாதீங்க. ஆனா அவர் வந்து சேர்ற வரைக்கும் இழுக்கவும் கூடாது. அவர் இப்ப வேற இடத்துல வேலை செஞ்சா நோட்டீஸ் கொடுக்கணும். காண்ட்ராக்ட்ல எதுவும் எழுதலன்னா 1955-ஆம் வருஷ வேலைச் சட்டப்படி ரெண்டு வருஷத்துக்குக் கம்மியா இருந்தவருக்கு 4 வாரம், ரெண்டுலருந்து அஞ்சு வருஷத்துக்குள்ள 6 வாரம், அஞ்சும் அதுக்கு மேலயும் 8 வாரம். அத்தன நாளு மத்தவங்கள பதில் இல்லாம காக்க வைக்கிறது நியாயமில்ல. கையெழுத்து ஆகுறதுக்கே ஒரு வாரத்துக்கு மேல ஆகும் போல இருந்தா, "முடிவு இன்னும் ஒரு வாரம் ஆகும்"னு நாலு பேருக்கும் ஒரு வரி போட்டுடுங்க.

அனுப்பின பிறகு உங்க பக்கம் ஒரு வேலை பாக்கி இருக்கு. 'சரி'ன்னு பதில் போட்டவங்க பேரு, எதுல நல்லா இருந்தாங்க, எந்த வகுப்புக்கு, எந்த மாசம் வரைக்கும் வச்சிருக்க சம்மதம்னு ஷீட்ல ஒரு வரி எழுதி, போன் காலண்டர்ல அக்டோபர் மாசத்துக்கு ஒரு ரிமைண்டர் வச்சிடுங்க. அக்டோபர்ல வகுப்பு நடக்கும்னா விளம்பரத்துக்கு முன்னாடி கூப்பிடுங்க. நடக்காதுன்னா, "நாங்கள் சொன்ன பாரம் 1 முதல் 3 வரையிலான வகுப்பு இந்த ஆண்டு தொடங்கவில்லை, உங்கள் விவரங்களை டிசம்பரில் அழித்துவிடுவோம்"னு ஒரு சின்ன மெயில். இதத்தான் எல்லாரும் மறந்துடுறாங்க, ஆனா அந்த டீச்சர் உங்க சென்டர் பேர எப்படி ஞாபகம் வச்சிருப்பாங்கங்கிறது இந்த மெயில்லதான் இருக்கு.

யாராவது "நான் எதுல கம்மி?"ன்னு திரும்பக் கேட்டா, ஒரே ஒரு தடவ, ஒரே ஒரு விஷயத்த, வகுப்புல நீங்க பார்த்தத வச்சு பதில் சொல்லுங்க. எடுத்தவரோட ஒப்பிடாதீங்க, அவர் யாருன்னும் சொல்லாதீங்க. அதுக்கு மேல வாக்குவாதமா வந்தா "எழுதியதற்கு நன்றி, முடிவு இதுதான்"னு நிறுத்திக்குங்க.

நோட்டீஸ் நாள்ல பழைய இடத்துல சம்பளம் கூட்டித் தர்றோம்னு சொல்லி, நீங்க எடுத்தவர் வராமலே போயிட்டாருன்னு வைங்க, இது அடிக்கடி நடக்கிறதுதான். அன்னிக்கே அந்த ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு, இப்ப மெயில் வேணாம், போன் பண்ணுங்க. "நாங்க எடுத்தவர் வரல, அந்த இடம் இப்ப காலியா இருக்கு, உங்களுக்கு இன்னும் விருப்பம் இருக்கா?"ன்னு நேராவே கேளுங்க, ரெண்டாவதா கூப்பிடுறோம்ங்கிறத மறைக்காதீங்க. இலக்கிய வகுப்பு அனுபவம் இல்லன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அதனால பாரம் 5 வகுப்ப எப்படி சமாளிக்கிறது, மொத ரெண்டு மாசம் யார் கூட உக்காந்து சொல்லிக் கொடுப்பாங்கன்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் போன எடுங்க.